தத்து மகளின் இனிஷியல்: பிறப்புச் சான்றிதழ் முதல் பத்தாம் வகுப்புப் பட்டியல் வரை நடந்த ஒரு கதை

சொந்தக்காரர் குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. அதில் பாதிப் பேர் எந்தக் காகிதமும் போட்டிருக்க மாட்டார்கள், "நம்ம பிள்ளைதானே, யார் கேட்கப் போறா" என்று இருந்துவிடுவார்கள். கேட்கிற நாள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ வரும். அப்படிக் கேட்கப்பட்ட ஒரு குடும்பத்தின் விஷயம் இது. உறவு வட்டத்தில் நடந்தது என்பதால் காகிதங்களை ஆரம்பத்திலிருந்து பார்க்க முடிந்தது. பெயர்களும் ஊர்களும் வேண்டாம்.

பெண் பிறந்தது 2010 ஜூனில், ஒரு நகராட்சி எல்லையில் இருந்த மருத்துவமனையில். 2013-ல் பெற்ற அம்மா இறந்துவிட்டார். காரியம் முடிந்த கையோடு குழந்தையை அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு பையன் உண்டு, பெண் கிடையாது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து, பெற்ற அப்பா தன் வாயால் "இனி இவ உங்க பொண்ணு" என்று சொல்லி, மடியில் தூக்கிக் கொடுத்தார். வேறு எதுவும் எழுதவில்லை. அன்றிலிருந்து சித்தி அம்மா ஆனார், பெற்றவர் பெரியப்பா ஆனார்.

2014-ல் எல்.கே.ஜி. சேர்க்கும்போது சித்தப்பா படிவத்தில் அப்பா என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார், பெண்ணின் பெயருக்கு முன்னால் தன் இனிஷியலைப் போட்டார். பள்ளிக்கூடம் பிறப்புச் சான்றிதழ் நகலை வாங்கி வைத்துக்கொண்டது, ஆனால் அதிலிருக்கும் அப்பா பெயரை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, பிறந்த தேதியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆதார் எடுக்கப் போன இடத்திலோ சான்றிதழில் உள்ளபடியே பதிந்தார்கள், அதனால் அங்கே பெற்றவரின் இனிஷியல். ஆக பத்து வருஷம் இந்தப் பெண்ணுக்கு இரண்டு பெயர் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று.

2024 கடைசியில், ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் இருக்கிற பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பள்ளியில் சரிபார்த்தபோது இது நின்றது. அபார் என்ற மாணவர் அடையாள எண்ணை உருவாக்கப் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரோடு பொருந்த வேண்டும். இனிஷியல் ஒரு எழுத்து மாறினால்கூட இடிக்கும். எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். அவர் சொன்னது நியாயம்தான்: அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும், அதற்கப்புறம் மதிப்பெண் சான்றிதழில் ஒரு எழுத்தை மாற்றுவதற்கும் பள்ளி வழியாக இயக்ககம் வரை அலைய வேண்டும், இப்போதே ஏதாவது செய்துவிடுங்கள்.

"ஏதாவது" என்பதற்கு அவர் சொன்ன வழிதான் தப்பு. பள்ளியில் பெற்றவரின் பெயரை அப்பா என்று மாற்றிவிட்டு, சித்தப்பாவைப் பாதுகாவலர் கட்டத்தில் போட்டுவிடலாம், ஆதாரோடு ஒத்துப்போகும், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார். நிறைய பேர் இதற்குச் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் பாதுகாவலர் என்பது வேறு, பெற்றோர் என்பது வேறு. பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டுப் படிக்க வைக்கலாம், அவ்வளவுதான். நாளைக்கு வாரிசுச் சான்றிதழ், சொத்து என்று வரும்போது, "நீங்களே பள்ளியில் இவளை இன்னாரின் மகள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்று அந்தக் காகிதத்தையே எதிராக நீட்டுவார்கள். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. சித்தி மட்டும் அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

பத்திரத்தில் ஒரு வரி

இந்தக் குடும்பம் இந்துக்கள் என்பதால் 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டம் கேட்கிற விஷயங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தோம். பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறவர்களுக்கு ஏற்கெனவே மகளோ மகன் வழிப் பேத்தியோ உயிரோடு இருக்கக் கூடாது. இங்கே பையன் மட்டும்தான், பரவாயில்லை. ஆண் ஒருவர் பெண்ணைத் தத்தெடுத்தால் 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். சித்தப்பா அதைவிட அதிகம். மனைவியின் சம்மதம் வேண்டும், இருக்கிறது. கொடுக்கிற உரிமை பெற்ற அப்பா அம்மாவுக்குத்தான், அம்மா இறந்துவிட்டால் அப்பா மட்டும் கொடுக்கலாம். பெற்றவர் மறுமணம் செய்துகொண்டிருந்தார், அந்தப் புது மனைவியின் சம்மதம் வேண்டுமா என்று ஒரு குழப்பம் வந்தது, வேண்டாம், சட்டம் சொல்வது குழந்தையைப் பெற்ற அம்மாவை.

முக்கியமான நிபந்தனை வயது. தத்துப் போகும்போது பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது, அதற்கு மேலானவரைத் தத்தெடுக்கும் வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டு என்று காட்ட முடிந்தால் ஒழிய. இந்தப் பெண்ணுக்கு 2025 ஜூனில் 15.

பத்திரம் எழுதுபவர் தன் வழக்கமான வாசகத்தில் "இன்று என் மகளைத் தத்துக் கொடுக்கிறேன்" என்று அடித்து வைத்திருந்தார். வயது 14 என்பதால் சட்டப்படி இதில் ஓட்டை இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்குத்தான் தத்து என்றால், 2014-லிருந்து பள்ளிப் பதிவேட்டில் சித்தப்பா அப்பாவாக இருந்தது எப்படி? பத்திரம் ஒன்று சொல்லும், பத்து வருஷத்து மாற்றுச் சான்றிதழும் ரேங்க் கார்டும் வேறொன்று சொல்லும். நடந்தது என்ன? 2013-ல் பெற்றவர் கையால் கொடுத்தார், இவர்கள் வாங்கினார்கள். சட்டம் கேட்பது அந்தக் கொடுத்து வாங்குதலைத்தான், தத்த ஹோமம் என்ற சடங்கு கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது. பத்திரம் என்பது நடந்ததற்கு எழுத்துச் சாட்சி, அவ்வளவுதான். அதனால் வாசகத்தை மாற்றினோம்: இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்னாரின் வீட்டில், பெரியவர்கள் முன்னிலையில் கொடுத்து வாங்கப்பட்டது, அன்று முதல் குழந்தை இவர்கள் மகளாக வளர்ந்து வருகிறாள், அந்தத் தத்தை இந்தப் பத்திரத்தின் மூலம் பதிவு செய்கிறோம் என்று. அன்றைக்குக் கூட இருந்த இரண்டு பெரியவர்களே சாட்சிக் கையெழுத்தும் போட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய தேதி போடுவது உண்மையாக நடந்திருந்தால் மட்டும்தான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு வயது வரம்பைத் தாண்டுவதற்காக ஒரு பொய்த் தேதியைப் போட்டுப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது நீதிமன்றத்தில் ஒரு கேள்விக்கு நிற்காது. இந்த வீட்டில் எல்.கே.ஜி. சேர்க்கைப் படிவம் தொடங்கி வருஷா வருஷம் காகிதம் இருந்தது.

அப்புறம் கையெழுத்து. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பதிவு செய்த தத்துப் பத்திரத்தில் கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டிருந்தால், மறுத்து நிரூபிக்கப்படும் வரை தத்து சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்கிறது. எடுத்தவர் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரத்துக்கு இந்தப் பலம் கிடையாது. பெற்றவர் வெளியூரில் இருக்கிறார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பிறகு அவர் இறந்ததும் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பெற்றவர், சித்தி, சித்தப்பா மூவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் ஆஜராகி டிசம்பரில் பதிவு முடிந்தது. பெற்ற அம்மாவின் இறப்புச் சான்றிதழையும் இணைத்தோம்.

இந்தப் பத்திர வழி கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குக் கிடையாது. அவர்கள் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாகப் போக வேண்டும், சொந்தக்காரர் குழந்தை என்றாலும் அதில் இடம் உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக விண்ணப்பித்து ஆணை வாங்குவது. 2022 செப்டம்பரிலிருந்து அந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே தருகிறார். காப்பகத்திலிருந்து தத்தெடுப்பவர்களுக்கும் அதே ஆணைதான், அவர்களுக்குப் பெற்றோர் பெயரோடு பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தரும் வேலையை தத்து மையமே செய்ய வேண்டும் என்பதால், நான் இங்கே எழுதுகிற அலைச்சலில் பாதி அவர்களுக்கு இல்லை.

"இது பிழையே இல்லையே"

பிறந்த ஊர் நகராட்சியில்தான் பிறப்புப் பதிவு. இப்போது குடியிருக்கும் ஊரில் விண்ணப்பித்துப் பயனில்லை, பதிவேடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருத்த முடியும். பத்திரத்தின் சான்றிட்ட நகல், பழைய சான்றிதழ், இருவரின் ஆதார், ஒரு மனு. கொடுத்த இடத்தில் பதிவாளர் சொன்ன பதில் தமிழ்நாட்டில் இதற்காக அலைந்தவர்களுக்குப் பழகிய பதில்: "பிழை இருந்தால் திருத்தலாம். பிறந்தபோது எழுதியது சரிதானே? இது பிழையே இல்லையே. கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க."

மேலோட்டமாகப் பார்த்தால் அவர் பேசுவதில் ஒரு தர்க்கம் இருப்பது போலத் தோன்றும். 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பிழையான பதிவைத் திருத்துவது பற்றித்தான் பேசுகிறது. ஆனால் தத்து நடந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை எல்லாக் காரியத்துக்கும் தத்தெடுத்தவர்களின் பிள்ளை, பிறந்த குடும்பத்தோடு உள்ள உறவு அறுந்துவிடுகிறது என்று 1956-ஆம் வருஷத்துச் சட்டம் நேராகவே சொல்கிறது. இந்தப் பிரச்சினை பல உயர் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. பதிவு பெற்ற தத்துப் பத்திரத்தை ஏற்றுப் பெயரை மாற்று, தனியாக சிவில் நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்காதே என்று பதிவாளர்களுக்கு உத்தரவுகள் வந்திருக்கின்றன. 2023-ல் பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது தத்துக் குழந்தைகளின் பதிவையும் சேர்த்தே பேசினார்கள்.

இதையெல்லாம் கவுன்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. செய்ய வேண்டியது, மறுப்பை எழுத்தில் வாங்குவது. வாயால் சொன்ன "முடியாது"-வை எங்கேயும் கொண்டுபோக முடியாது. மனுவை நேரில் கொடுத்துத் திருப்பி அனுப்பியதால், அதையே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பி, முடியாது என்றால் காரணத்தோடு எழுதித் தரவும் என்று கடைசி வரியில் கேட்டோம். பதில் எழுத்தில் வந்தது, அதே "நீதிமன்ற ஆணை தேவை". அந்தத் தாள்தான் தேவைப்பட்டது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் 25ஏ பிரிவின்படி, பதிவாளர் உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவரும் மறுத்தால் மாநிலத் தலைமைப் பதிவாளரிடம் போகலாம். ஒவ்வொரு கட்டத்திலும் 90 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதுதான் வழி, இப்போது அதற்கு முன்னால் செலவில்லாத இரண்டு படி இருக்கிறது என்பது பதிவாளர் அலுவலகங்களிலேயே பலருக்குத் தெரியவில்லை.

மேல்முறையீட்டு மனு ஒன்றரைப் பக்கம். தத்து நடந்த தேதி, பத்திர எண், 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 12-ஆம் பிரிவும் 16-ஆம் பிரிவும் என்ன சொல்கின்றன என்று இரண்டு பத்தி, கேட்பது என்ன என்று ஒரு பத்தி. மாவட்ட அலுவலகம் விசாரித்து, பத்திரத்தின் அடிப்படையில் பதிவை மாற்றச் சொல்லி நகராட்சிக்கு எழுதியது. ஏப்ரலில் புதுச் சான்றிதழ் கையில் வந்தது.

அந்தச் சான்றிதழைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பிறந்த தேதி, பிறந்த இடம், பதிவு எண் மாறவில்லை, மாறவும் கூடாது. மாறியிருந்தால் ஆதாரும் பள்ளியும் மறுபடி இடிக்கும். அப்பா, அம்மா பெயர்கள் மட்டும் மாறியிருந்தன. தத்து என்ற சொல் சான்றிதழில் எங்கேயும் இல்லை. பழைய எழுத்தை அழிக்காமல் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருத்துவதுதான் சட்டத்தின் முறை, அந்தக் குறிப்பு அலுவலகத்திலேயே இருக்கும். முதல் அச்சில் சித்தியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அங்கேயே நின்று மாற்றி வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் அதற்கொரு மனு.

இனிஷியலை ஒரே தடவை தீர்மானித்தது

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு மாற்றம் தேவைப்படலாம் என்று வைத்துக்கொண்டால், இப்போது கையில் இருப்பது ஒரு வாய்ப்பு. அதனால் ஆதார் மையத்துக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தார்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா, இடைவெளி உண்டா. அற்பமாகத் தெரியும், ஆனால் கணினிக்கு இதெல்லாம் வேறு வேறு பெயர். பள்ளியில் பத்து வருஷமாக இருக்கும் வடிவத்தையே ஆதாரிலும் வைத்துவிடலாம் என்று முடிவானது, மாற்ற வேண்டியது ஒரே இடம் ஆனது. பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்து அப்பா பெயராகவே எழுத வேண்டும் என்பதால், அந்த ஆங்கில எழுத்துக்கூட்டு சித்தப்பாவின் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆதாரைப் பற்றிப் பலர் தப்பாக நினைக்கிற ஒன்று: அதில் அப்பா பெயர் என்று தனியாக ஒரு விவரமே கிடையாது. முகவரியின் ஆரம்பத்தில் "மே/பா" அல்லது அதன் ஆங்கில வடிவத்தோடு வரும் பெயர் முகவரியின் ஒரு பகுதி, உறவுக்குச் சாட்சி அல்ல. ஆதாரில் சித்தப்பா பெயர் வந்துவிட்டது, இனி அவர் சட்டப்படி அப்பா என்று நம்பிக்கொண்டு பிறப்புச் சான்றிதழைத் தொடாமல் விட்டவர்கள் இதனால்தான் மாட்டுகிறார்கள். இந்தக் குடும்பம் புதுப் பிறப்புச் சான்றிதழைக் காட்டி மே மாதம் பெயரை மாற்றியது. பத்திரத்தையும் எடுத்துப் போயிருந்தார்கள், அதை யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் வேலை அதன்பின் சுலபம். பதிவேட்டில் அப்பா அம்மா பெயர் ஏற்கெனவே இவர்களுடையதுதான், அதனால் பெயர் திருத்தம் என்று எதுவும் தேவைப்படவில்லை. சேர்க்கைக் கோப்பில் இருந்த பழைய பிறப்புச் சான்றிதழ் நகலுக்கு மேல் புதியதை வைக்கச் சொல்லி எச்.எம்.முக்கு ஒரு கடிதம், எமிஸில் ஆதாரை மறுபடி சரிபார்த்தல், அவ்வளவுதான். அலுவலக உதவியாளர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "தத்து" என்று எழுதி வைக்கட்டுமா என்று நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றார் சித்தி. எழுதச் சொல்லி எந்த விதியும் கேட்கவில்லை, அந்தப் பதிவேட்டிலிருந்துதான் நாளைக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதுவார்கள், அதை கல்லூரி, வேலை என்று யார் யாரோ பார்ப்பார்கள்.

பள்ளிப் பதிவு வேறு மாதிரி இருந்திருந்தால், அதாவது பெற்றவரின் பெயரும் இனிஷியலும் அங்கே இருந்திருந்தால், புதுப் பிறப்புச் சான்றிதழும் பத்திரமும் வைத்து எச்.எம். வழியாகக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பித்துப் பத்தாம் வகுப்புப் பட்டியல் தயாராவதற்குள் முடித்திருக்க வேண்டும். பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு மாற்றச் சொன்னால் எந்தப் பள்ளியும் லேசில் அசையாது.

ஜூனில் பத்தாம் வகுப்பு தொடங்கியபோது பட்டியலுக்கான பெயரைச் சரிபார்த்துப் பெற்றோர் கையெழுத்து கேட்டார்கள், சித்தப்பா போட்டார். ரேஷன் கார்டில் பெண்ணின் பெயர் வெகு நாளாகவே இந்த வீட்டில்தான், அதில் ஆதார் எண் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. 2016 டிசம்பருக்குப் பிறகு அங்கே பதிவு பெற்ற தத்துப் பத்திரம் இல்லாவிட்டாலும் வெள்ளைத்தாளில் ஓர் உறுதிமொழி போதும் என்று ஆக்கிவிட்டார்கள், இவர்களிடம் அதைவிட நல்ல காகிதமே இருக்கிறது. மிச்சம் இருப்பது வங்கியில் பழைய இனிஷியலோடு திறந்த சிறார் சேமிப்புக் கணக்கு. உதவித்தொகை வரும் கணக்கு என்பதால் அதையும் புது ஆதாரோடு சேர்த்து மாற்றக் கொடுத்திருக்கிறார்கள்.